ஜெர்மனி வேலைக்கு இரண்டு பக்க ரெஸ்யூமே: எதை மேலே வைப்பது, எதைக் கீழே இறக்குவது

பினாங்கில் 15 வருடம் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவரின் ரெஸ்யூமேயைத் திறந்தால் முதல் பக்கத்தில் அநேகமாக இதுதான் இருக்கும்: போட்டோ, அடையாள அட்டை எண், பிறந்த தேதி, இனம், சமயம், திருமணமானவரா இல்லையா, அதற்குக் கீழே எஸ்பிஎம் முடிவு, அப்புறம் பட்டப்படிப்பு. வேலை அனுபவம் இரண்டாம் பக்கத்தில் எங்கேயோ ஆரம்பித்து ஐந்தாம் பக்கத்தில் முடியும். உள்ளூரில் இது ஓடிவிடும். பாயான் லெப்பாஸில் ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னாலே அங்கே என்ன தயாராகிறது, அந்தப் பதவியில் இருப்பவர் என்ன செய்திருப்பார் என்று எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ட்ரெஸ்டனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அவர் முதல் பக்கத்தின் மேல் பாதியைப் பார்ப்பார், விளம்பரத்தில் தான் கேட்டது அங்கே இருக்கிறதா என்று தேடுவார், கண்ணில் படவில்லை என்றால் அடுத்த ஆளின் ரெஸ்யூமேக்குப் போய்விடுவார்.

அதனால் எழுத்தின் அளவு, நிறம், டெம்ப்ளேட் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு வரிசையை மட்டும் பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரு டெஸ்ட் இன்ஜினியரின் ரெஸ்யூமேயைக் கூடவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவருக்கு இருந்த சிக்கல் இங்கே நிறைய பேருக்கு இருக்கிறது. 2010இல் பட்டம் வாங்கிவிட்டு நான்கு வருடம் பிறையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதனை. 2014இல் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் கம்பெனி. அங்கே எட்டு வருடம் டெஸ்ட் புரோகிராம் எழுதினார், 2022இல் செக்‌ஷன் மேனேஜர் ஆனார், இப்போது அவருக்குக் கீழே ஒன்பது பேர். அவர் விண்ணப்பிக்க நினைத்தது ஜெர்மனியில், வாகனங்களுக்கான சென்சார் சிப் செய்யும் இடத்தில், டெஸ்ட் டெவலப்மென்ட் இன்ஜினியர் வேலைக்கு. அவர்கள் தேடுவது மேனேஜரை இல்லை, கையால் புரோகிராம் எழுதும் ஆளை. அதாவது அவரிடம் இருப்பதிலேயே அந்த வேலைக்கு மிகப் பொருத்தமான அனுபவம் அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதியில் கிடக்கிறது, கடைசி மூன்று நான்கு வருடங்களில் இல்லை. கால வரிசைப்படி எழுதினால் மேனேஜர் வேலைதான் முதலில் வரும், கேட்ட விஷயம் கீழே புதைந்துபோகும்.

முதலில் விளம்பரத்தைப் பிரியுங்கள்

ரெஸ்யூமே ஃபைலைத் திறக்கவே வேண்டாம். விளம்பரத்தை ஒரு தாளில் அச்சிட்டு, பேனாவோடு உட்காருங்கள். வேலை விளம்பரம் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும்: கம்பெனியைப் பற்றிய பேச்சு, என்ன வேலை செய்ய வேண்டும் என்ற பட்டியல், என்ன தகுதி வேண்டும் என்ற பட்டியல். முதல் துண்டை விட்டுவிடலாம். மற்ற இரண்டிலும் கட்டாயம் வேண்டும் என்று சொன்னதற்கு ஒரு கோடு, இருந்தால் நல்லது என்று சொன்னதற்கு வேறு மாதிரி கோடு. பட்டியலில் முதலில் வருவதையும், இரண்டு துண்டிலும் திரும்ப வருவதையும் வட்டம் போடுங்கள். எழுதியவர் மனதில் முதலில் இருந்தது அநேகமாக அதுதான்.

நண்பரின் விளம்பரத்தில் இப்படிப் பிரித்தபோது கட்டாயமாக நின்றவை நான்கு. மிக்ஸ்ட் சிக்னல் சிப்புக்கு அட்வான்டெஸ்ட் வி93000 மெஷினில் டெஸ்ட் புரோகிராமை ஆரம்பத்திலிருந்து எழுதி உற்பத்தி வரை கொண்டுபோன அனுபவம் முதலாவது, அது இரண்டு இடத்தில் வந்தது. வாகனத் தரத்தில், அதாவது ஏஇசி-கியூ100 விதிப்படி, வேலை செய்த பழக்கம் இரண்டாவது. டெஸ்ட் டேட்டாவைப் பைத்தானிலோ ஜேஎம்பியிலோ அலசத் தெரிவது மூன்றாவது. ஆசியாவில் இருக்கும் வெளி டெஸ்ட் ஆலைகளோடு சேர்ந்து வேலை பார்ப்பது நான்காவது. ஜெர்மன் மொழி இருந்தால் நல்லது என்று கடைசியில் ஒரு வரி. ஆட்களை நிர்வகித்த அனுபவம் என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை. இதைப் பார்த்த பிறகு வரிசையைப் பற்றிப் பெரிய விவாதமே தேவைப்படவில்லை.

அப்புறம் உங்களிடம் இருப்பதை ஒரே இடத்தில் கொட்டுங்கள்

யாருக்கும் அனுப்பப்போகாத ஒரு நீளமான ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். 15 வருடத்தில் செய்த ஒவ்வொரு புராஜெக்டும் அதில் இருக்கட்டும், பத்துப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் எந்த வருடம், என்ன பிரச்சினை, நான் என்ன செய்தேன், எந்த மெஷின் எந்த மென்பொருள், முடிவில் எந்த எண் எவ்வளவு மாறியது என்று எழுதி வையுங்கள். நம் ஆட்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நாம் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிப் பழகியவர்கள். குழுவாகச் செய்ததைக் குழுவாகச் செய்தது என்றே எழுதுங்கள், ஆனால் அதில் உங்கள் கை எது என்பது தெரிய வேண்டும். இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது விளம்பரத்தின் நான்கு கட்டாயங்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இந்த ஃபைலிலிருந்து ஆகச் சிறந்த ஒரு சான்றைத் தேடுங்கள். ஒன்றுக்கு மூன்று கிடைத்தாலும் முதல் பக்கத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வி93000 கேட்கிறார்கள், உங்களிடம் இருப்பது டெராடைன் அல்ட்ராஃபிளெக்ஸ் மட்டும்தான் என்றால் அதை அப்படியே எழுதுங்கள்: அல்ட்ராஃபிளெக்ஸில் இத்தனை வருடம், வி93000இல் பயிற்சி மட்டும். மெஷின் மாறினாலும் டெஸ்ட் முறைகளும் லோட் போர்டு பற்றிய அறிவும் கூடவே வரும் என்பது டெஸ்ட் துறையில் இருப்பவருக்குத் தெரியும், சிலர் கூப்பிடுவார்கள். இரண்டையும் ஒரே வரியில் கமா போட்டு எழுதிவிட்டு, தொழில்நுட்ப இன்டர்வியூவில் வி93000இன் ஸ்மார்டெஸ்ட் மென்பொருளைப் பற்றிய முதல் கேள்விக்கே திணறினால் அங்கேயே கதை முடிந்தது.

நான்கு கட்டாயங்களில் இரண்டுக்குச் சான்றே இல்லையென்றால் வரிசையை எப்படி மாற்றினாலும் பலன் இருக்காது, வேறு விளம்பரம் பாருங்கள்.

கால வரிசையை உடைக்காமல் பொருத்தமானதை மேலே கொண்டுவருவது

நண்பரின் கேள்வி நியாயமானதுதான். "அண்ணே, மேனேஜர் வேலையைக் கீழே தள்ளினால் மறைக்கிற மாதிரி ஆகாதா? மேலே வைத்தால் இவன் எதற்கு இன்ஜினியர் வேலைக்கு வருகிறான் என்று நினைப்பார்களே?"

இதற்குச் சிலர் சொல்லும் வழி, வேலை வரலாற்றையே கலைத்துப்போட்டுத் திறமை வாரியாக எழுதுவது. அதை நான் சொல்ல மாட்டேன். எந்த வேலை எந்த வருடத்தில் என்று தெரியாத ரெஸ்யூமேயைப் படிப்பவர் உடனே எதையோ மறைக்கிறார் என்றுதான் நினைப்பார். வேலை வரலாறு எப்போதும் புதியதிலிருந்து பழையதுக்குத்தான் போக வேண்டும். மாற்ற வேண்டியது இரண்டு விஷயம்: அந்த வரலாற்றுக்கு மேலே என்ன வைக்கிறோம், வரலாற்றுக்குள்ளே ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வரி கொடுக்கிறோம்.

நண்பரின் முதல் பக்கம் கடைசியில் இப்படி அமைந்தது. மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், லிங்க்ட்இன், ஊர், நாடு. அடுத்து நான்கு வரியில் ஒரு சுருக்கம். அதற்குக் கீழே ஐந்து வரியில் கருவிகளும் திறமைகளும், விளம்பரத்தின் வரிசையிலேயே. அடுத்து "தேர்ந்தெடுத்த டெஸ்ட் புராஜெக்ட்கள்" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே மூன்று புராஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் வருடமும் அப்போது இருந்த பதவியும் வெளிப்படையாக. இவை 2016க்கும் 2022க்கும் நடுவில் செய்தவை. அதன் பிறகுதான் வேலை வரலாறு ஆரம்பிக்கிறது, முதலில் மேனேஜர் பதவி, மூன்றே வரி. முதல் பக்கம் அங்கே முடிகிறது. எதையும் மறைக்கவில்லை, தேதி எல்லாம் இருக்கிறது, ஆனால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அவர் கேட்ட வி93000.

மேனேஜர் பதவிக்குக் கொடுத்த அந்த மூன்று வரியிலும் தேர்வு இருக்கிறது. ஒன்பது பேருக்கு வருடாந்திர மதிப்பீடு செய்தது, ஓவர்டைம் செலவைக் குறைத்தது எல்லாம் போய்விட்டது. புதிய புரோகிராம்களை உற்பத்திக்கு விடும் முன் தானே நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தது, தைவானில் இருக்கும் வெளி டெஸ்ட் ஆலைக்குப் புரோகிராமை மாற்றிக் கொடுத்தது ஆகியவை நின்றன, ஏனென்றால் நான்காவது கட்டாயத்துக்குச் சான்று அங்கேதான் இருந்தது. "எதற்குத் திரும்பி வருகிறான்" என்ற கேள்விக்குச் சுருக்கத்திலேயே ஒரு வரி பதில் சொல்லிவிட்டது: நேரடி டெஸ்ட் டெவலப்மென்ட் வேலைக்குத் திரும்ப விரும்புகிறார் என்று. அதற்கு மேல் விளக்கம் கவர் லெட்டரில்.

கருவிகள் பகுதியில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் நல்லது. ஒவ்வொரு முக்கியக் கருவிக்கும் எத்தனை வருடம், கடைசியாக எப்போது தொட்டது என்பதையும் எழுதுங்கள். நண்பர் முதலில் ஸ்மார்டெஸ்ட் 7இல் சி++ எழுதியவர், கடைசி புராஜெக்டில் மட்டும் ஸ்மார்டெஸ்ட் 8க்கு மாறி ஜாவாவில் எழுதினார். இந்த இரண்டும் ஒன்று கிடையாது, எதிரில் இருப்பவர் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அவருக்கு இது பெரிய விஷயமாக இருக்கலாம். "ஸ்மார்டெஸ்ட் 7, ஆறு வருடம், ஸ்மார்டெஸ்ட் 8, ஒரு புராஜெக்ட், 2022 வரை" என்று எழுதியது அவருக்குப் பாதகமாக இல்லை, எந்த அளவில் கேள்வி கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கருவிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரமோ சதவீதப் பட்டையோ போடும் டெம்ப்ளேட் வேண்டவே வேண்டாம். பைத்தான் 80 சதவீதம் என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்

வரிசை சரியாக இருந்தும் வரி வெறுமையாக இருந்தால் பயனில்லை. நண்பரின் பழைய ரெஸ்யூமேயில் இருந்தது இது: "டெஸ்ட் புரோகிராம் உருவாக்கம், டெஸ்ட் நேரக் குறைப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பு." இதே வரியைப் பாயான் லெப்பாஸில் நூறு பேர் எழுதலாம். அவரிடம் கேட்டுக் கேட்டு எடுத்த விவரம் இது. ஒரே நேரத்தில் நான்கு சிப்பைச் சோதித்த புரோகிராமை எட்டு சிப்புக்கு மாற்றினார். நான்கு சிப்புக்கு ஒரு சுற்று 4.2 விநாடி, ஹேண்ட்லர் சிப்புகளை மாற்றிவைக்க 0.6 விநாடி, மொத்தம் 4.8, அதாவது ஒரு சிப்புக்கு 1.2 விநாடி. எட்டாக மாற்றியதும் சுற்று 6.0 விநாடியாக நீண்டது, ஏனென்றால் மெஷினில் சில அளவிடும் கருவிகளை எட்டு சிப்பும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஹேண்ட்லர் நேரத்தோடு 6.6, எட்டால் வகுத்தால் 0.825. ஒரு சிப்புக்கு 31 சதவீதம் குறைவு.

புதிய வரி இப்படி ஆனது: "வாகன பிரஷர் சென்சார் சிப்புக்கான வி93000 புரோகிராமை நான்கு சைட்டிலிருந்து எட்டு சைட்டுக்கு மாற்றி எழுதி, லோட் போர்டு வடிவமைப்பைச் சரிபார்த்து, ஒரு சிப்புக்கான டெஸ்ட் நேரத்தை 31 சதவீதம் குறைத்தேன், மைனஸ் 40, 25, 125 டிகிரி மூன்றிலும் உற்பத்திக்கு விடப்பட்டது." ஒரே வரியில் முதல் இரண்டு கட்டாயங்களும் வந்துவிட்டன, அந்த வெப்பநிலை எல்லையைப் பார்த்ததுமே ஏஇசி-கியூ100 கிரேடு 1 என்று துறைக்காரருக்குப் புரிந்துவிடும்.

எண் எழுதினால் அதன் பின்னால் இருக்கும் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். டெஸ்ட் தெரிந்தவர் அந்த வரியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சைட் இரட்டிப்பானால் நேரம் பாதியாகக் குறைய வேண்டுமே, ஏன் 31தான்?" என்பது. மேலே சொன்ன பங்கிட்டுக்கொண்ட கதைதான் பதில். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வேலையை உண்மையில் செய்தவர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ரெஸ்யூமேயில் விநாடியை எழுதாமல் சதவீதத்தை மட்டும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நம் வேலை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ரகசியக் காப்பு விதி இருக்கும். வாடிக்கையாளர் பெயர், வெளிவராத சிப்பின் எண், உண்மையான யீல்ட், ஒரு சிப்புக்கான செலவு இவற்றை எழுதக் கூடாது. விதியை விட்டாலும், பழைய கம்பெனியின் ரகசியத்தை இப்படி எழுதுபவர் நாளைக்கு நம்முடையதையும் எழுதுவார் என்று படிப்பவர் யோசிப்பார். "ஒரு பெரிய ஐரோப்பிய வாகன உதிரிபாக நிறுவனம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் பக்கம்

இரண்டாம் பக்கத்தில் முதலில் வருவது 2014 முதல் 2022 வரையான டெஸ்ட் டெவலப்மென்ட் வேலை, ஏழெட்டு வரி. மேலே புராஜெக்ட் பகுதியில் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டாம், "மேலே காண்க" என்பதுகூட வேண்டாம், மீதி இருப்பதைச் சொல்லுங்கள். ஒரே கம்பெனியில் பதவி உயர்ந்திருந்தால் கம்பெனி பெயரை ஒரு தடவை எழுதி அதன் கீழே பதவிகளைத் தேதியோடு அடுக்குங்கள். இரண்டு தனி வேலையாக எழுதினால் அடிக்கடி தாவுகிறவர் மாதிரி தெரியும். பக்கம் உடையும் இடமும் இரண்டு பதவிகளுக்கு நடுவில் இருக்கட்டும், ஒரு வரியின் பாதியில் வேண்டாம்.

பிறையில் பார்த்த முதல் வேலைக்கு இரண்டு வரி போதும். ஆனால் அந்தத் தொழிற்சாலையின் பெயர் வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது என்பதால் அது என்ன செய்யும் இடம் என்று ஐந்தாறு சொல் சேர்க்க வேண்டும். பதவிப் பெயரும் அப்படித்தான். இங்கே அசிஸ்டன்ட் இன்ஜினியர் என்றால் பெரும்பாலும் டிப்ளோமா முடித்தவர் பார்க்கும் பதவி, வேறு ஊரில் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள். பதவியை மாற்றி எழுதாதீர்கள், சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். பதவியை அப்படியே விட்டு, செய்த வேலையைப் பக்கத்தில் சொல்லுங்கள்.

படிப்பு இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதிக்குப் போகட்டும், ஆனால் ஜெர்மனிக்கு அதில் ஒரு துல்லியம் வேண்டும். புளூ கார்டு விசாவுக்குப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்ப்பார்கள், அதற்கு `anabin` என்ற தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தைத் தேடுவார்கள். அதனால் நம் ஊர்ச் சுருக்கப் பெயரை விட்டுவிட்டு, பட்டச் சான்றிதழில் இருக்கும் முழுப் பெயரை எழுதுங்கள். நிபோங் திபால் வளாகத்தில் படித்தவர்கள் யூஎஸ்எம் என்று மட்டும் எழுதிவிட்டால் அங்கே தேடுபவருக்குச் சிரமம். பட்டப்படிப்பு நான்கு வருடம் என்பதையும் சேருங்கள். சிஜிபிஏ எழுதினால் "4.00க்கு 3.41" என்று முழுதாக எழுதுங்கள், ஏனென்றால் ஜெர்மனியில் 1.0தான் ஆகச் சிறந்த மதிப்பெண், 4.0 என்பது தேறுவதற்கான கடைசி எல்லை. வெறும் 3.41 என்று பார்த்தால் தட்டுத்தடுமாறித் தேறியவர் என்று நினைப்பார்கள். மதிப்பெண் சுமார் என்றால் 15 வருடம் கழித்து அதை எழுதாமலே விடலாம்.

இன்ஜினியர் வாரியத்தில் பதிந்து பெயருக்கு முன்னால் ஐஆர் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெதர்லாந்தில் அதே இரண்டு எழுத்து பல்கலைக்கழக முதுநிலைப் பொறியியல் பட்டத்தைக் குறிக்கும். இளங்கலை மட்டும் படித்துவிட்டு அங்கே அனுப்பும் ரெஸ்யூமேயில் பெயருக்கு முன்னால் அதைப் போட்டால் இல்லாத பட்டத்தைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். சான்றிதழ்கள் பகுதியில், எந்த வாரியம், எந்த வருடம் என்று எழுதினால் குழப்பமே வராது.

எச்ஆர்டி நிதியில் போய்வந்த இரண்டு நாள் பயிற்சிகளின் பட்டியல் நம் ரெஸ்யூமேகளில் அரைப் பக்கம் வரை ஓடும். 5எஸ், ஐஎஸ்ஓ விழிப்புணர்வு, தலைமைப் பண்பு எல்லாம் போகட்டும். வி93000 அதிகாரப்பூர்வப் பயிற்சியும் சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட்டும் நிற்கட்டும். மொழிகளுக்கு ஒரு வரி: ஆங்கிலம், மலாய், தமிழ், ஜெர்மன் ஏ2. மூயட் பேண்ட் என்று எழுதினால் அங்கே யாருக்கும் தெரியாது, ஐரோப்பிய மொழி நிலைகளான ஏ1 முதல் சி2 வரையான அளவில் எழுதுங்கள். கடைசியில் மலேசியக் குடியுரிமை, வேலை விசா தேவை, எத்தனை மாத நோட்டீஸ் என்று ஒரு வரி இருந்தால் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

போக வேண்டியவற்றில் முதலாவது அடையாள அட்டை எண். அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பும் தாளில் அதற்கு என்ன வேலை? இனம், சமயம், எஸ்பிஎம், பொழுதுபோக்கு, சிபாரிசு செய்பவர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவையும் அதோடு போகட்டும். போட்டோ விஷயம் நாட்டுக்கு நாடு மாறும்: ஜெர்மனியில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, கட்டாயம் இல்லை, அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவுக்கு வைக்கவே வேண்டாம்.

நம் பெயர் விஷயமும் இங்கேதான். ஏ/எல், ஏ/பி என்பதை ஆன்லைன் படிவங்கள் பல நேரம் ஏற்காது, சில இடங்களில் சாய்கோடு பிழை காட்டும், சில இடங்களில் "ஏஎல்" என்பதே குடும்பப் பெயர் ஆகிவிடும். ரெஸ்யூமேயில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் போதும், படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடுங்கள், எல்லா இடத்திலும் அதே மாதிரி. விசா வேலை ஆரம்பிக்கும்போது பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே கொடுத்தால் சரி. தொலைபேசி எண்ணில் +60க்குப் பிறகு வரும் சுழியத்தை எடுத்துவிடுங்கள்.

இரண்டு பக்கத்தில் அடங்கவில்லையென்றால்

ஏ4 தாள், நாலா பக்கமும் 2 செ.மீ. ஓரம், எழுத்து 10.5 அல்லது 11. இந்த அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 45 முதல் 50 வரி கிடைக்கும். அடங்கவில்லை என்றதும் பலர் செய்வது எழுத்தை 9க்குக் குறைப்பது. அதைச் செய்யாதீர்கள். கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு வாருங்கள்: ஒவ்வொரு வரியையும் பார்த்து, விளம்பரத்தின் எந்தக் கோட்டுக்கு இது பதில் என்று கேளுங்கள். பதில் இல்லாத வரி போகலாம், தேதி இடைவெளியை நிரப்பும் வரி மட்டும் விதிவிலக்கு. நண்பருக்கு ரொம்ப வலித்தது பிறையில் அவர் வாங்கிய சிறந்த ஊழியர் விருதை எடுத்தபோதுதான். நல்ல விருது, ஆனால் 2012இல் சர்க்யூட் போர்டுக்கு வாங்கியது, இந்த விளம்பரத்துக்கு அது எதையும் சொல்லவில்லை.

அனுப்பும் முன் ஒரு சோதனை கட்டாயம். பெரிய கம்பெனிகளில் உங்கள் பிடிஎஃபை முதலில் ஒரு மென்பொருள் எழுத்தாகப் பிரித்து எடுக்கும். இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட், டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் இருந்தால் இடது பக்க வரியும் வலது பக்க வரியும் கலந்து வர வாய்ப்பு உண்டு. வேர்டில் ஹெடர் பகுதிக்குள் போட்ட தொலைபேசி எண்ணைச் சில மென்பொருள் படிக்காமலே விட்டுவிடும். லினக்ஸ் அல்லது மேக் வைத்திருப்பவர்கள் பாப்ளர் நிறுவியிருந்தால் இப்படிப் பார்க்கலாம்:

```
pdftotext resume.pdf out.txt
```

இல்லையென்றால் பிடிஎஃபில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயர், தலைப்புகள், தேதிகள், பதவிகள் நீங்கள் வைத்த வரிசையிலேயே வருகிறதா? வரவில்லை என்றால் ஒரே நெடுவரிசையாக, சாதாரண தலைப்புகளோடு மாற்றி எழுதுங்கள். அமெரிக்காவுக்கு அனுப்பினால் லெட்டர் தாள் அளவுக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள், அது ஏ4ஐவிட உயரம் குறைவு, இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிகள் மூன்றாம் பக்கத்துக்குத் தாவிவிடும்.

அடுத்த விளம்பரத்துக்கு

அதே நண்பர் சிங்கப்பூரில் டெஸ்ட் மேனேஜர் வேலைக்கும் விண்ணப்பித்தார். அங்கே விளம்பரத்தின் முதல் வரியே குழுவை நடத்துவது, இரண்டாவது வெளி டெஸ்ட் ஆலைகளின் செலவு. நீளமான ஃபைல் ஏற்கெனவே இருந்ததால் புதிதாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை, வரிசைதான் மாறியது. தேர்ந்தெடுத்த புராஜெக்ட்கள் பகுதி முழுதாகப் போய்விட்டது, சுருக்கத்துக்குக் கீழே நேராக வேலை வரலாறு, மேனேஜர் பதவிக்கு மூன்று வரிக்குப் பதில் ஒன்பது வரி. ஒன்பது பேர், வெளி ஆலைக்கு மாற்றியது, ஜெர்மனிக்காக எடுத்த ஓவர்டைம் வரி, எல்லாம் திரும்பி வந்தன. வி93000 பற்றிய எட்டு சைட் வரி இரண்டாம் பக்கத்தில் 2014–2022 வேலைக்குள் போய் உட்கார்ந்தது. ஜெர்மன் ஏ2 போய்விட்டது, கருவிகள் பகுதி இரண்டு வரியாகச் சுருங்கிப் பக்கத்தின் அடிக்குப் போனது.

இப்படி ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு பதிப்பு ஆகும்போது எது யாருக்குப் போனது என்று குழம்பும். அதனால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, அனுப்பிய பிடிஎஃபையும் விளம்பரத்தின் பிடிஎஃபையும் அதிலேயே வைத்துவிடுங்கள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட சில வாரங்கள் ஆகலாம், அதற்குள் விளம்பரம் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும், எந்தக் கோட்டுக்கு எந்த வரியைப் பதிலாக வைத்தோம் என்று அன்றைக்குத் திருப்பிப் பார்க்க அந்தப் பிரதி ஒன்றுதான் இருக்கும்.